களக்கருவிகளுக்குச் செல்லும் நீண்ட 24 வோல்ட் கேபிள்கள்: மின்னழுத்த வீழ்ச்சியும் கடத்தி அளவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனலில் 24 வோல்ட் சரியாகவே இருக்கிறது. 300 மீட்டர் தள்ளியுள்ள சொலினாய்டு வால்வு மட்டும் பிற்பகலில் சில நேரம் திறப்பதில்லை. காயிலை மாற்றியும் பயனில்லை. கேபிள் காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் கேபிள்தான். காயிலின் திறன் 12 வாட், கேபிள் 1.5 சதுர மி.மீ. செம்பு என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் இந்தக் காயில் 0.5 ஆம்பியர் எடுக்கும். அதாவது அதன் மின்தடை 48 ஓம். மின்னோட்டம் வால்வு வரை 300 மீட்டர் போய், அங்கிருந்து 300 மீட்டர் திரும்பி வருகிறது. எனவே கணக்கில் வர வேண்டிய நீளம் 600 மீட்டர். இதை மறந்து 300 மீட்டருக்கு மட்டும் கணக்கிட்டுவிட்டு, வீழ்ச்சி பாதிதான் என்று நிம்மதி அடைபவர்கள் நிறையப் பேர்.

600 மீட்டர் கடத்தியின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 7.3 ஓம். வெயிலில் கிடக்கும் கேபிள் தட்டில் கடத்தி 50 டிகிரியை எட்டினால் அது 8.1 ஓம் ஆகிறது. பிஎல்சி வெளியீட்டிலும் ஃப்யூஸிலும் அரை வோல்ட் போனது போக 23.5 வோல்ட்தான் கேபிளுக்குள் நுழைகிறது. அது 8.1 ஓம் கேபிளுக்கும் 48 ஓம் காயிலுக்கும் பங்கிடப்படும்போது காயிலுக்குக் கிடைப்பது 20.1 வோல்ட். இத்தகைய வால்வுகள் பலவற்றில் தயாரிப்பாளர் உறுதியளிக்கும் கீழ் எல்லை பெயர்ப்பலகை மதிப்பில் 10 சதவீதம் குறைவு, அதாவது 21.6 வோல்ட்.

காயிலின் ஈர்ப்பு விசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. மின்னழுத்தம் 16 சதவீதம் குறைந்தால் விசை 30 சதவீதம் குறைந்துவிடும். காலையில், காயில் குளிர்ந்திருந்து குழாயில் அழுத்தமும் குறைவாக இருக்கும்போது, மிச்சமுள்ள விசையே போதுமானதாக இருக்கலாம். பிற்பகலில் காயிலும் சூடேறி அதன் சொந்த மின்தடையும் கூடும்போது விசை மேலும் இறங்கி, அழுத்தத்தை வெல்ல முடியாமல் போகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் வால்வு திறந்தபடியே நிற்கும், மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னால் மறுக்கும் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பிடித்து நிறுத்தத் தேவையான மின்னோட்டம் இழுப்பதற்குத் தேவையானதைவிட மிகக் குறைவு.

1.5 சதுர மி.மீ. கேபிள் பத்து ஆம்பியருக்கு மேல் தாங்கும் என்று அட்டவணை சொல்கிறது. அரை ஆம்பியருக்கு அது எப்படிப் போதாமல் போகும்?

அந்த அட்டவணை பதில் சொல்லும் கேள்வி வேறு. எத்தனை ஆம்பியர் வரை காப்புறை உருகாமல் இருக்கும் என்பதை மட்டுமே அது கூறுகிறது. அதில் நீளத்துக்கு இடமே இல்லை. 230 வோல்ட் சுற்றில் 4 வோல்ட் இழப்பை யாரும் கவனிப்பதில்லை. 24 வோல்ட்டில் அதே 4 வோல்ட் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. களக்கருவிகளின் நீண்ட சுற்றுகளில் கடத்தியின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பம் அன்று. கருவியின் முனையில் எத்தனை வோல்ட் மிஞ்ச வேண்டும் என்பதுதான்.

கணக்குக்கு எந்த மின்தடை மதிப்பை எடுத்துக்கொள்வது?

ஐஇசி 60228 தரநிலை, ஒவ்வொரு அளவுக்கும் 20 டிகிரியில் ஒரு கிலோமீட்டருக்கு இருக்கக்கூடிய உச்ச மின்தடையை வரையறுக்கிறது. முறுக்கிய இழைகள் கொண்ட, வெள்ளீயம் பூசாத செம்புக் கடத்திக்கு, அதாவது அத்தரநிலையின் இரண்டாம் வகுப்புக்கு, மதிப்புகள் இவை:

| அளவு (சதுர மி.மீ.) | ஓம் / கி.மீ., ஒரு கோருக்கு |
|---|---|
| 1.0 | 18.1 |
| 1.5 | 12.1 |
| 2.5 | 7.41 |
| 4 | 4.61 |
| 6 | 3.08 |

நெகிழ்வான மெல்லிழைக் கேபிள் ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்தது. அதன் மின்தடை இதைவிடச் சற்று அதிகம். எடுத்துக்காட்டாக 1.5 சதுர மி.மீ.க்கு 13.3 ஓம். வாங்கும் கேபிளின் தரவுத்தாளில் எந்த வகுப்பு என்று பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. கடத்தி 50 டிகிரியில் இருக்கும் என்று கொண்டால் அட்டவணை மதிப்பை 1.12 ஆல் பெருக்கினால் போதும். நீளத்தைப் பொறுத்தவரை, தள வரைபடத்தில் அளந்த நேர்தூரத்தை நம்ப வேண்டாம். தட்டு ஏறி இறங்கும் உயரம், சுற்றுவழி, ஜங்ஷன் பாக்ஸிலும் பேனலிலும் விடும் உபரி எல்லாம் சேர்ந்த கேபிள் நீளம்தான் மின்தடையை உண்டாக்குகிறது. கேபிளின் உறையில் மீட்டருக்கு ஒரு முறை நீளம் அச்சிடப்பட்டிருந்தால், இரு முனைகளிலும் உள்ள எண்களின் வேறுபாடே மிக நம்பகமான அளவு.

அப்படியானால் கடத்தி அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கருவியின் முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவதே நேரான வழி. மேலே சொன்ன வால்வையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 21.6 வோல்ட் வேண்டும். மின்வழங்கியின் முனையில் 24.0 வோல்ட் இருக்கிறது. பிஎல்சி வெளியீடு, ஃப்யூஸ், டெர்மினல்கள் ஆகியவற்றுக்கு 0.5 வோல்ட்டை ஒதுக்கினால் கேபிள் செலவழிக்க அனுமதிக்கப்பட்டது 1.9 வோல்ட் மட்டுமே. மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்பதால், போக வர இரண்டும் சேர்ந்து 3.8 ஓமுக்கு மேல் போகக் கூடாது.

```
r = (Vs - Vx - Vmin) / (I * 2 * L * 1.12)

Vs = 24.0 V    Vx = 0.5 V    Vmin = 21.6 V
I  = 0.5 A     L  = 0.3 km

r  = 1.9 / (0.5 * 0.6 * 1.12) = 5.65 ohm/km
```

இதில் `Vs` மின்வழங்கியின் மின்னழுத்தம், `Vx` பேனலுக்குள் ஏற்படும் இழப்பு, `Vmin` கருவிக்குத் தேவையான குறைந்த மின்னழுத்தம், `L` ஒருவழி நீளம். அட்டவணையில் 5.65 ஓமுக்குக் குறைவாக உள்ள முதல் அளவு 4 சதுர மி.மீ. அதைப் போட்டால், வெப்பமான கேபிளிலும் காயிலுக்கு 22.1 வோல்ட் கிடைக்கிறது. 2.5 சதுர மி.மீ. போட்டால் 21.3 வோல்ட், மயிரிழையில் தவறுகிறது.

கேபிளை ஆர்டர் செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான். பேனலில் உள்ள பல மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தும் திருகு ஒன்று உண்டு. அதை 25.0 வோல்ட்டுக்கு வைத்தால் கேபிளுக்குக் கிடைக்கும் இடம் 1.9 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டாகிறது; 2.5 சதுர மி.மீ. போதுமானதாகிவிடுகிறது. ஆனால் அதே மின்வழங்கியில் பேனலுக்கு மிக அருகிலுள்ள கருவிக்கும் ஏறத்தாழ 25 வோல்ட் போகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 10 சதவீதம் வரை கூடுதலைத் தாங்கும் காயிலுக்கு எல்லை 26.4 வோல்ட். அந்த எல்லை வரை ஏற்றிவிடுவது நல்ல பழக்கமன்று. எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் காயில்கள் சூட்டில் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: 4 சதுர மி.மீ. கோர் பிஎல்சி கார்டின் டெர்மினலுக்குள் பெரும்பாலும் நுழையாது. பெரிய கோரைப் பேனலின் வெளி டெர்மினல் வரிசையில் முடித்து, அங்கிருந்து கார்டுக்கு மெல்லிய ஒயர் கொண்டுசெல்ல வேண்டும். அந்த இரண்டு மீட்டர் மெல்லிய ஒயரின் வீழ்ச்சி பொருட்படுத்தத்தக்கதன்று. கோரின் இழைகளில் பாதியை வெட்டிவிட்டு டெர்மினலுக்குள் திணிப்பதைச் சில தளங்களில் காணலாம். அது கேபிளுக்குச் செலவழித்த பணத்தை இறுதி ஒரு சென்டிமீட்டரில் கெடுத்து, அந்த இடத்தைச் சூடாக்கும் வேலை.

நான்கு வால்வுகளுக்குத் தனித்தனி பிளஸ் கோரும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மைனஸ் கோரும் விட்டிருக்கிறோம். ஒவ்வொன்றாக இயக்கினால் எல்லாம் வேலை செய்கின்றன. ஒன்றாக இயக்கினால் இரண்டு திறப்பதில்லை. ஏன்?

பொதுத் திரும்பு கோரில் நான்கு வால்வுகளின் மின்னோட்டமும் சேர்ந்து ஓடுகிறது. தனித்தனியாகச் சோதித்தபோது அந்தக் கோரின் குறை வெளியே தெரிய வாய்ப்பே இல்லை.

அதே 12 வாட் காயில்கள், 300 மீட்டர், எல்லாக் கோர்களும் 1.5 சதுர மி.மீ. என்று கொண்டு, வெப்பத்தையும் பேனல் இழப்பையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். ஒரு கோரின் மின்தடை 3.63 ஓம். ஒரு வால்வு மட்டும் இயங்கும்போது அதற்கு 20.8 வோல்ட் கிடைக்கிறது. நான்கும் இயங்கும்போது, ஒவ்வொரு வால்வின் பார்வையிலும் திரும்பு கோர் நான்கு மடங்கு மின்தடை உடையதாக, அதாவது 14.5 ஓமாகத் தோன்றும். விளைவாக ஒவ்வொரு காயிலுக்கும் 17.4 வோல்ட்தான். எந்த இரண்டு திறக்காமல் நிற்கும் என்பது அந்தந்த வால்வின் ஸ்பிரிங், அழுக்கு, குழாய் அழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதனால்தான் இக்கோளாறு வால்வின் கோளாறுபோலவே தோற்றமளித்து, நல்ல வால்வுகளைக் கழற்ற வைக்கிறது.

திரும்பு கோரை மட்டும் 6 சதுர மி.மீ. ஆக்கினால் நான்கும் ஒன்றாக இயங்கும்போதும் 20.8 வோல்ட் கிடைக்கும். நான்கு வால்வுகளுக்குப் பொதுவான கோரின் பரப்பு தனிக் கோரைப்போல் நான்கு மடங்கு இருந்தால், தனித்தனி இணை விட்ட நிலைக்கு மீள்கிறோம் என்பதே இதன் பொருள். அந்த 20.8 வோல்ட்டும் போதாது என்பது வேறு விஷயம். அதற்கு முந்தைய பதிலின் கணக்கைத்தான் போட வேண்டும்.

4–20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கும் தடித்த கேபிள் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. எனவே கேபிளின் வீழ்ச்சி அளவீட்டைப் பிழையாக்குவதில்லை, டிரான்ஸ்மிட்டருக்கு உயிர்வாழத் தேவையான மின்னழுத்தம் மிஞ்சும் வரையில். அந்தத் தேவை 12 வோல்ட் என்றும், பழுது அறிவிப்பின்போது மின்னோட்டம் 22 மில்லிஆம்பியர் வரை போகலாம் என்றும் கொண்டால், 24 வோல்ட்டில் சுற்றுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த மின்தடை 12 வோல்ட்டை 0.022 ஆம்பியரால் வகுத்துக் கிடைக்கும் 545 ஓம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 1.0 சதுர மி.மீ. இணையின் போகவர மின்தடை 36 ஓம் மட்டுமே. உள்ளீட்டு மின்தடை 250 ஓமைச் சேர்த்தாலும் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

இதையெல்லாம் தின்பது கேபிள் அன்று. வெடிப்பு அபாயப் பகுதிகளுக்குப் போடும் ஜீனர் தடுப்பான். அதன் முனைக்கு முனை மின்தடை 300 ஓம் என்றால் மொத்தம் 586 ஓம் ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்த நிலையை அடையாளம் காண்பது எளிது: கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அளவீடு துல்லியமாக இருக்கும், உச்சத்தை நெருங்கும்போது ஓரிடத்தில் நின்றுவிடும் அல்லது டிரான்ஸ்மிட்டர் அணைந்து மறுபடி எழும். அங்கே கேபிளைத் தடிமனாக்கினால் மீள்வது முப்பது ஓமுக்கும் குறைவு. தனிமைப்படுத்தும் வகைத் தடுப்பானுக்கு மாறுவதே தீர்வு.

பிராக்சிமிட்டி சென்சார், லிமிட் சுவிட்ச் போன்றவற்றின் மின்னோட்டமும் மில்லிஆம்பியர் கணக்குதான். அவற்றுக்கு இந்தக் கவலை அரிதாகவே வரும்.

20 வாட் அனலைசர் ஒன்றை 300 மீட்டர் தள்ளி வைத்தோம். 18 வோல்ட் முதல் இயங்கும் என்று கையேடு சொல்கிறது. கணக்கில் 18 வோல்ட்டை ஒட்டி வந்தது. ஆனால் அது தொடங்குவதும் அணைவதுமாகவே இருக்கிறது. கணக்கு எங்கே தவறியது?

மின்னோட்டம் மாறாது என்று எடுத்துக்கொண்டதில் தவறியது. இது சொலினாய்டு போன்ற எளிய மின்தடை அன்று. உள்ளே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மின்னணுச் சுற்று ஒன்று இருந்து, தனக்குத் தேவையான 20 வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் கேபிளில் வீழ்ச்சி கூடும். மின்னழுத்தம் இன்னும் இறங்கும்.

20 வாட்டை 24 ஆல் வகுத்து 0.83 ஆம்பியர் என்று கொண்டு, 1.5 சதுர மி.மீ. கேபிளின் 7.26 ஓமால் பெருக்கினால் வீழ்ச்சி 6 வோல்ட், மிச்சம் 18 வோல்ட் என்று வரும். உண்மையில் அந்த மின்னழுத்தம் நிலைபெறவே முடியாது. ஒரு கேபிள் வழியாக மறுமுனைக்கு அனுப்பக்கூடிய உச்சத் திறனுக்கு ஓர் எல்லை உண்டு:

```
Pmax = Vs^2 / (4 * R) = 24^2 / (4 * 7.26) = 19.8 W
V    = (Vs + sqrt(Vs^2 - 4*P*R)) / 2
```

அனலைசர் கேட்பது 20 வாட், கேபிள் தரக்கூடிய உச்சம் 19.8 வாட். ஆகவே கருவி எழ முயன்று, மின்னழுத்தம் சரிந்து, அணைந்து, மின்னழுத்தம் மீண்டவுடன் மறுபடி எழ முயல்கிறது. உங்கள் தளத்தில் நடப்பது இதுவே.

இரண்டாவது சூத்திரம் கருவியின் முனையில் நிலைபெறும் மின்னழுத்தத்தைத் தருகிறது. 2.5 சதுர மி.மீ.க்கு அது 19.4 வோல்ட், 4 சதுர மி.மீ.க்கு 21.4 வோல்ட். வெப்பத்தையும் கருவி தொடங்கும் கணத்தில் எடுக்கும் கூடுதல் மின்னோட்டத்தையும் எண்ணினால் 2.5 எனக்கு நம்பிக்கை தருவதில்லை. 4 சதுர மி.மீ. போடுவேன். 230 வோல்ட் அருகில் கிடைக்கும் என்றால் அனலைசர் பக்கத்திலேயே ஒரு சிறிய மின்வழங்கி வைப்பது அதைவிடச் சிறந்தது. எத்தர்நெட் சுவிட்ச், தொலைநிலை உள்ளீட்டு வெளியீட்டு அலகு, கேமரா ஆகியவையும் இதே இனம்தான்.

வால்வு முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 24 வோல்ட் காட்டுகிறது. பிறகு எப்படிக் கேபிளைக் குற்றம் சொல்வது?

காயிலைக் கழற்றிவிட்டு அளந்திருப்பீர்கள். மின்னோட்டம் ஓடாதபோது வீழ்ச்சியும் இல்லை. முக்கால்வாசி இழைகள் அறுந்த கோரும் அப்போது 24 வோல்ட்டே காட்டும். காயில் இணைக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். பொதுத் திரும்பு கோர் இருந்தால், அதைப் பகிரும் எல்லாக் கருவிகளையும் இயக்கிவிட்டு அளக்க வேண்டும்.

குறைவான மின்னழுத்தம் தெரிந்தால், அது கேபிளின் நீளத்தால் வந்ததா, கெட்டுப்போன இணைப்பால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். மின்வழங்கலை நிறுத்தி, இரு கோர்களையும் இரு முனைகளிலும் கழற்றி, வால்வு முனையில் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டு, பேனல் முனையில் மின்தடையை அளவிடுங்கள். மீட்டரின் சொந்த ஒயர்களின் மின்தடையை முதலில் அளந்து கழித்துவிட வேண்டும். சிறிய ஓம்களை அளக்கும்போது அதுவும் கணிசமானது. 300 மீட்டர் 1.5 சதுர மி.மீ. இணைக்கு 7 முதல் 8 ஓம் வந்தால் கேபிள் நலமாக இருக்கிறது, அளவுதான் போதவில்லை. 12 ஓம் வந்தால் வழியில் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் துருப்பிடித்த டெர்மினலோ, காப்புறையின் மேல் நெரிக்கப்பட்ட ஃபெரூலோ இருக்கிறது. அந்த நிலையில் புதிய கேபிள் வாங்குவது வீண் செலவு.

கேபிள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மாற்ற முடியாது. வேறு வழி உண்டா?

முதலில் காயிலைப் பாருங்கள். அதே வால்வு உடலுக்குக் குறைந்த திறன் காயில் கிடைத்தால் அதுவே மலிவான தீர்வு. 12 வாட்டுக்குப் பதில் 3 வாட் காயில் 0.125 ஆம்பியர்தான் எடுக்கும், அதே 1.5 சதுர மி.மீ. கேபிளில், வெயில் நேரத்திலும், வீழ்ச்சி ஒரு வோல்ட்டாகச் சுருங்குகிறது. ஆனால் நேரடியாக இயங்கும் வால்வில் காயிலை மட்டும் மாற்றுவது எல்லா நேரமும் சாத்தியமில்லை. அந்தக் காயில் எந்த அழுத்த வேறுபாடு வரை வால்வைத் திறக்கும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபார்க்க வேண்டும்.

பல கோர் கேபிளில் உபரிக் கோர்கள் இருந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டிரண்டாக இணைத்து மின்தடையைப் பாதியாக்கலாம். இரு முனைகளிலும் இணைத்த கோர்களைத் தெளிவாக எண்ணிட்டு, வரைபடத்திலும் திருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் ஒன்றை உபரி என்று நினைத்துக் கழற்றிவிடுவார். வால்வு அன்றைக்கு இயங்கும், கோடையில் நின்றுவிடும்.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால், வால்வுக்கு அருகில் மின்வழங்கியும் ரிலேயும் வைத்து, நீண்ட கேபிளை ரிலேயின் சிறு காயிலை இயக்க மட்டும் பயன்படுத்தலாம்.

நீண்ட கேபிளில் ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போகும் என்று நம்பலாமா?

கணக்கிடாமல் நம்பக் கூடாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் அதே மின்தடை, குறுக்குச் சுற்றின் மின்னோட்டத்தையும் குறைக்கிறது. 300 மீட்டர் 1.5 சதுர மி.மீ. கேபிளின் மறுமுனையில் ஷார்ட் ஆனால் ஓடக்கூடியது 24 வோல்ட்டை 7.26 ஓமால் வகுத்த 3.3 ஆம்பியர் மட்டுமே. அந்தச் சுற்றைக் காப்பது 6 ஆம்பியர் எம்சிபி என்றால் அது ஒருபோதும் விழாது. மின்வழங்கிக்கு அது ஒரு சாதாரணச் சுமை. கேபிள் 80 வாட்டை வழிநெடுகச் சூடாக உமிழ்ந்துகொண்டிருக்கும், பேனலில் எந்த அறிகுறியும் இருக்காது.

0.5 ஆம்பியர் வால்வுக்கு 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் ஷார்ட் மின்னோட்டம் அதன் மதிப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் அது உருகிவிடும். அனலைசரின் 4 சதுர மி.மீ. கேபிளில் ஷார்ட் மின்னோட்டம் 8.7 ஆம்பியர், அங்கே 2 ஆம்பியர் ஃப்யூஸ் தயக்கமின்றிப் போகும். தூரம் இன்னும் கூடி இந்த விகிதம் இரண்டுக்குக் கீழே இறங்குமானால், ஒவ்வொரு சுற்றுக்கும் மின்னோட்ட எல்லையைத் தனியாக அமைக்கக்கூடிய மின்னணு பிரேக்கரைப் பயன்படுத்துங்கள். கடத்தி அளவை முடிவு செய்யும் அதே தாளில், கருவியின் முனை மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஷார்ட் மின்னோட்டத்தையும் எழுதிவைத்தால், பேனலுக்கு ஃப்யூஸ் வாங்குபவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.